மேல் வீட்டில் ஐந்து பேர் தூங்கலாம்: பேச்சிலர்களுக்கு விடும் வீட்டுக்கு எந்த அக்ரிமென்ட் சரி?

குன்னூரில் எங்கள் வீட்டின் மேல்மாடி ஒன்றரை மாதம் காலியாகக் கிடந்தது. புரோக்கரிடம் நான் சொல்லியிருந்த ஒரே நிபந்தனை "ஃபேமிலிக்கு மட்டும்". ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி ஏற வேண்டும். வந்த குடும்பங்களில் யாராவது ஒரு மாமியாரோ கைக்குழந்தையோ இருக்கும். படியைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார்கள். படிக்கு அஞ்சாமல் ஏறி வந்தவர்கள் மூன்று இளைஞர்கள். ஒருவர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, ஒருவர் தனியார் பள்ளி ஆசிரியர், மூன்றாமவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். கல்யாணம் ஆகாதவர்கள். வாடகை 15,000, அட்வான்ஸ் 45,000, இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: என்ன எழுதிக்கொள்வது?

எனக்கு ஏற்கெனவே கை சுட்ட அனுபவம் உண்டு. இவர்களுக்கு முன் மேல்மாடியில் இருந்ததும் பேச்சிலர்கள்தான். ஒருவர் பெயரில் மட்டும் அக்ரிமென்ட், கூட இரண்டு பேர். அதில் "வெளியாட்கள் இரவு தங்கக் கூடாது" என்று ஒரு வரி இருந்தது. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு கார்களில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். திங்கட்கிழமை காலை அம்மா கீழே குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீருக்குச் சொல்லி, அந்த லாரி எங்கள் படிக்கட்டுக்குக் கீழேயே நின்று, ஓஸ் எட்டாமல் பட்ட பாடு தனிக் கதை. பின்னால்தான் தெரிந்தது, வந்தவர்களில் பாதிப் பேர் பணம் கொடுத்துத் தங்கியவர்கள். சில மாதம் கழித்து அக்ரிமென்ட் போட்டவருக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல் வந்தது. அவர் சாவியை நண்பர்களிடம் விட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் மேலே இருந்த நான்கு பேரில் இரண்டு பேரை எனக்கு யாரென்றே தெரியாது.

ஆகவே இந்த முறை முதலில் யோசித்தது, எனக்கு உண்மையில் எதில் பயம் என்று. பேச்சிலர் என்பதில் பயமா? இல்லை. தண்ணீர் தீர்ந்துபோவதில் பயம். சீசனில் வீடு காட்டேஜாக மாறுவதில் பயம். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாமல் போவதில் பயம். பழைய அக்ரிமென்ட்டின் தடை இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை. அப்பா அம்மா வந்தாலும் அந்த விதியை மீற வேண்டியிருந்ததால், முதல் மாதத்திலேயே அதை மீறிப் பழகிவிட்டார்கள். தீபாவளிக்கு வந்த அம்மாவை நானே பார்த்துச் சிரித்துப் பேசிவிட்டு, மே மாதம் போய் விதியைக் காட்டினால் யார் மதிப்பார்கள்?

யார் கையெழுத்துப் போடுவது என்பதில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஒருவர் பெயரில் போட்டு மற்றவர்களை அவர் பொறுப்பில் விடுவது. வசதியானது. மாதம் ஒரு போன், ஒரு பணம் அனுப்பல். நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடாத இரண்டு பேரும் யார்? அவர்கள் வாடகைதாரர்களா, விருந்தாளிகளா, உள்வாடகைக்கு வந்தவர்களா? தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பேசும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ இன்னொருவரிடம் ஒப்படைப்பது அதன்படி காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம். அதாவது நான் வாயால் "சரிப்பா, கூட ரெண்டு பேர் இருங்க" என்று சொல்லியிருந்தாலும் காகிதத்தில் அவர்கள் இல்லை. என்னைவிட அவர்களுக்குத்தான் இதில் ஆபத்து. பெயர் இருப்பவர் போய்விட்டால் மற்றவர்கள் நடுத்தெருவில். வாடகை 15,000 என்று தெரியாமல், அவரிடம் தலைக்கு 6,000 கொடுத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இரண்டாவது வழி, அறைக்கு ஒரு அக்ரிமென்ட். ஒருவர் பணம் தராவிட்டால் மற்றவர்களைத் தொட வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவர்கள் தனித்தனியாக வந்து தங்கும் பெரிய பழைய பங்களாவுக்கு இது பொருந்தும். எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. ஒருவர் காலி செய்தால் அந்த அறைக்கு ஆள் தேட வேண்டியது நான். சமையலறையில் யார் பாத்திரம் கழுவவில்லை என்ற சண்டை என் வாசலுக்கு வரும். ஹால் யாருடையது என்பதற்கு எந்த அக்ரிமென்ட்டிலும் பதில் இருக்காது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இப்படி அறை அறையாக விட்டால் விடுதி என்ற கணக்கில் வருமா என்ற கேள்வியும் எழும். பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் கேட்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு மேல்மாடிக்காக அந்தப் பக்கம் போக எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது, மூன்று பேரும் ஒரே அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டு, முழு வாடகைக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்பது. நான் தேர்ந்தது இதைத்தான். இதிலும் ஒரு முள் இருக்கிறது. மூவரில் ஒருவர் நடுவில் கிளம்பினால் என்ன செய்வது? இதை எழுதாமல் விட்டால் கூட்டுப் பொறுப்பு என்பது மிச்சமிருக்கும் இருவரின் கழுத்தில் கட்டிய கல். அவர்கள் 5,000-க்குப் பதில் 7,500 கட்ட வேண்டும். கிளம்பியவர் தன் அட்வான்ஸ் 15,000-ஐ என்னிடம் கேட்பார். நான் கொடுத்தால் என் கையில் இருப்பது 30,000 ஆகிவிடும். கொடுக்காவிட்டால் கெட்ட பெயர்.

இதற்கு நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசி எழுதியது இப்படி:

"கிளம்புகிறவர் 30 நாள் முன்பே மற்றவர்களுக்கும் உரிமையாளருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த 30 நாளுக்கான தன் பங்கை அவரே கட்ட வேண்டும். அதற்குள் மாற்று ஆள் வந்தால் அன்றோடு அவர் பொறுப்பு முடியும். அட்வான்ஸில் அவர் பங்கைப் புதிதாக வருபவர் நேரடியாக அவரிடம் கொடுப்பார். அறையில் சேதம் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு கொடுப்பார். உரிமையாளரிடம் இருக்கும் 45,000 அப்படியே இருக்கும். நான்கு பேரும் கையெழுத்திட்ட துணை அக்ரிமென்ட்டில் பெயர் மாறும்."

புதியவரை நான் வேண்டாம் என்று சொல்லலாமா? இங்கேதான் நிறைய உரிமையாளர்கள் சறுக்குகிறார்கள். "உரிமையாளரின் சம்மதத்துக்கு உட்பட்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு போன் எடுக்காமல் இழுத்தடிப்பார்கள். எங்கள் மேல்மாடியின் ஆசிரியர்தான் இதைக் கேட்டார்: "அக்கா, நீங்க பதிலே சொல்லலைன்னா நாங்க ரெண்டு பேரும் அந்தப் பங்கையும் கட்டிட்டே இருக்கணுமா?" நியாயமான கேள்வி. அதனால் இரண்டு விஷயம் சேர்த்தோம். ஒன்று, நான் மறுப்பதற்கான காரணங்கள் மூன்றே மூன்று: அடையாள அட்டை தர மறுப்பது, அட்வான்ஸ் பங்கு தராதது, ஆள் எண்ணிக்கை மீறுவது. சாதி, மதம், சாப்பாடு, கல்யாணம் ஆனவரா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாவது, மாற்று ஆளின் விவரம் கைக்கு வந்த ஐந்து நாளில் நான் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஆறாம் நாளிலிருந்து நான் சொல்லும்வரை காலியான அந்தப் பங்குக்கு, நாளொன்றுக்கு 5,000-ல் முப்பதில் ஒரு பங்கு, வாடகையில் கழிந்துவிடும். என் சோம்பலுக்கு அவர்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

இனி தங்குபவர் எண்ணிக்கை. "அதிகபட்சம் நான்கு பேர்" என்று யாரும் எழுதிவிடலாம். ஏன் நான்கு, ஏன் ஆறு இல்லை என்று கேட்டால் பதில் வேண்டும். எனக்குப் பதில் எங்கள் சம்ப்பில் இருந்தது.

குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேலியா அணையில் தண்ணீர் இருந்தாலும் நம் தெருவுக்கு எப்போது வரும் என்பது வேறு விஷயம். கோடையில் எங்கள் தெருவுக்குப் பத்து நாளுக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்துக்கொண்டேன். சம்ப் 8,000 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 800. கீழே அம்மாவும் நானும் செடிகளும் சேர்ந்து 250 லிட்டர் செலவழிக்கிறோம். ஒரு வாரம் டேங்கில் ஸ்கேல் வைத்து அளந்தேன். மாடிக்கு மிஞ்சுவது 550. நகரங்களில் ஆளுக்கு 135 லிட்டர் என்பதுதான் குடிநீர்த் திட்டங்களுக்கான வழக்கமான அளவு. மலைக்குளிரில் யாரும் இரண்டு முறை குளிப்பதில்லை, எங்கள் செலவு ஆளுக்கு 110 அளவில் நிற்கிறது. 550-ஐ 110-ஆல் வகுத்தால் ஐந்து. எங்கள் செப்டிக் டேங்கையும் அப்பா மாடிக்கு ஐந்து பேர் என்று நினைத்துத்தான் கட்டினார். ஆகவே எந்த இரவிலும் மேல்மாடியில் தூங்குபவர்கள், குடியிருப்பவரும் விருந்தாளியும் சேர்த்து, ஐந்து பேருக்கு மேல் கூடாது. குடியிருப்பவர் அதிகபட்சம் நான்கு, காரணம் இரண்டு படுக்கையறை. மூன்று பேர் இருக்கும்வரை ஒரே சமயத்தில் இரண்டு விருந்தாளி, நான்கு பேர் ஆனால் ஒருவர்.

இந்தக் கணக்கில் அந்த மே மாதத்தைப் போட்டுப் பாருங்கள். மூன்று பேரும் பதினோரு விருந்தாளிகளும் சேர்ந்து பதினான்கு. ஆளுக்கு 110 என்றால் ஒரு நாளைக்கு 1,540 லிட்டர், இரண்டு நாளில் 3,080. மாடியின் ஐந்தரை நாள் தண்ணீர். சுற்றுலா வந்தவர்கள் அவ்வளவு குளித்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் தினமும் 800 செலவானால், பத்து நாள் இடைவெளியில் ஒன்பதாவது நாளில் வந்து இறங்கியவர்கள் பாதி குளித்தாலும் சம்ப் காலி.

விருந்தாளிகள் விஷயத்தில் எனக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன. முழுத் தடை செத்துப்போன விதி என்று மேலே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பது என்பது இன்னொன்று. பார்க்க மரியாதையாகத் தெரியும், நடைமுறையில் நஞ்சு. இரவு எட்டரைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிவிட்ட தம்பிக்கு நான் அனுமதி மறுப்பேனா? மறுக்க மாட்டேன். அப்படியானால் அது அனுமதி இல்லை, சலாம். ஒரு தடவை மறுத்தால் ஏன் போன வாரம் அவனுக்குக் கொடுத்தீர்கள் என்ற பேச்சு வரும். அதைவிட மோசம், அனுமதி கேட்கும்போது காரணமும் கேட்க ஆரம்பிப்போம். யார், என்ன உறவு, எதற்கு. அது எனக்கு வேண்டாத தகவல்.

நான் எழுதியது தகவல் மட்டும் சொல்லும் முறை, இரவுகளை எண்ணும் வரம்போடு. "விருந்தாளி தங்கும் அன்று இரவு எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் எத்தனை பேர், எத்தனை இரவு என்று தெரிவிக்க வேண்டும். ஒரு விருந்தாளி தொடர்ந்து ஏழு இரவுக்கு மேலோ, எந்த அறுபது நாளிலும் மொத்தம் பதினான்கு இரவுக்கு மேலோ தங்கினால் அவர் குடியிருப்பவராகக் கருதப்படுவார். குடியிருப்பவர் எண்ணிக்கையில் இடம் இருந்தால் துணை அக்ரிமென்ட்டில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும். உடல்நலமில்லாத, அல்லது உடல்நலமில்லாதவரைக் கவனிக்க வந்த பெற்றோர், உடன்பிறந்தோர் முப்பது இரவுவரை தங்கலாம்." உறவு என்ற சொல் வருவது அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும்தான். அது சலுகைக்காக வருகிறது.

ஏன் ஏழும் பதினான்கும்? மாதம் இரண்டு வாரக்கடைசி வந்து போகும் நண்பன் மாதத்துக்கு நான்கு இரவு, இரண்டு மாதத்தில் எட்டு. அவன் தாராளமாக உள்ளே. வாரா வாரம் வெள்ளி, சனி தங்குபவன் அறுபது நாளில் பதினாறு முதல் பதினெட்டு இரவு. அவன் தண்ணீரிலும் கரண்டிலும் பங்காளி. வாடகையில் மட்டும் இல்லை. அந்தக் கோடு அங்கே விழ வேண்டும் என்று மூன்று பேருக்குமே பட்டது. ஏனென்றால் ஒருவரின் விருந்தாளி மற்ற இருவருக்கும் செலவு. கரண்ட் பில்லில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். 2 கிலோவாட் கீசரைக் கால் மணி நேரம் போட்டால் அரை யூனிட். இந்தக் குளிரில் தினமும் ஒரு ஆள் கூடினால் இரண்டு மாதத்தில் குளியலுக்கு மட்டும் முப்பது யூனிட். எல்லையில் நிற்கும் வீட்டில் அது பெரிய தொகையாகிவிடும்.

அம்மாவுக்குத்தான் இதில் சமாதானம் இல்லை. "நாளைக்குப் பொண்ணுங்க வந்து தங்கினா அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்க? அதையாவது எழுது" என்றார். நான் எழுதவில்லை. 2019-ல் கோயமுத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வாடகை வீட்டு உரிமையாளரைப் பற்றியது இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் குற்றமே இல்லாத ஒன்றை வைத்து "ஒழுக்கக்கேடு" என்று எழுதிக்கொண்டு காலி செய்யச் சொல்ல நினைத்தால், அந்த வரி எவ்வளவு தாங்கும் என்று எனக்குச் சந்தேகம். இதைவிடப் பெரிய காரணம் வேறு. அந்த வரி இருந்தால் அதைக் கண்காணிக்க வேண்டியது நான். ஜன்னலில் நின்று படியேறுகிறவர்களை எண்ணும் வேலை எனக்கு வேண்டாம். சத்தத்துக்குத் தனி விதி இருக்கிறது: இரவு பத்துக்கு மேல் மேலே நடக்கும் பேச்சு கீழே அம்மா அறையில் கேட்கக் கூடாது. வந்திருப்பது ஆணா பெண்ணா என்று அந்த விதி கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் அம்மா ஒத்துக்கொண்டார். ஒரு குடும்பம் வந்திருந்தாலும் இதே தாளைத்தான் நீட்டுவேன் என்று சொன்னேன். பொங்கலுக்கு எட்டு உறவினர் வந்தால் சம்ப்புக்கு அவர்கள் பேச்சிலரா சம்பந்தியா என்று தெரியாது.

நான்காவது வழி ஒன்று மின்னல்போல் தோன்றியது. ஆளையே எண்ண வேண்டாம், மாடிக் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர் வைத்துவிட்டால் போதுமே! வைத்தும்விட்டேன். வெளிச்சுவரில் இருக்கிறது, பார்க்க வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் படிப்பேன். ஒரு வாரத்துக்கு 550 பெருக்கல் ஏழு, 3,850 லிட்டர். அதைத் தாண்டி, அந்த வாரத்தில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் செலவு மாடியுடையது. மீட்டர் நேர்மையானது. ஆனால் அது மட்டும் போதாது என்று எழுதும்போதே புரிந்தது. பணம் வாங்கிக்கொண்டு நான்கு சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைத்தால் மீட்டர் ஒன்றும் சொல்லாது. சிக்கனமாகக் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மலையில் வீடு விடுகிறவர்களுக்கு உண்மையான வெடிகுண்டு அதுதான். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் அனுமதி இல்லாமல் காட்டேஜாக நடக்கும் குடியிருப்பு வீடுகளுக்கு அதிகாரிகள் சீல் வைப்பது புதிதில்லை. சீல் விழுவது வீட்டின் மேல். அதனால் இந்த வரியில் மட்டும் எந்த நெகிழ்வும் வைக்கவில்லை: "எந்த விருந்தாளியிடமும் தங்குவதற்குப் பணமோ பணத்துக்கு ஈடான எதுவுமோ வாங்கக் கூடாது, வீட்டை எந்தச் செயலியிலும் தளத்திலும் தங்குமிடமாகப் போடக் கூடாது. ஒரு முறை நடந்தாலும் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டதாகும்." பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்வது, மளிகை வாங்கித் தருவது இதில் சேராது என்றும் எழுதினோம். இல்லையென்றால் நண்பன் கொண்டுவந்த வர்க்கிப் பொட்டலத்துக்கும் சண்டை வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வாரக்கடைசியும் வேறு வேறு முகம், கையில் பெட்டி, படியில் நின்று "இதுதானா அந்த வீடு" என்று போனைப் பார்க்கிறவர்கள், மே மாதத்தில் மட்டும் குவியும் விருந்தாளிகள். நண்பர்களுக்கு வழி தெரியும், இல்லையென்றால் கீழே போய் யாராவது கூட்டி வருவார்கள். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்து வர வேண்டியிருந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். விருந்தாளியின் இ-பாஸ் விருந்தாளியின் பாடு, அதை நான் கேட்பதில்லை. வெளிநாட்டவர் தங்கினால் மட்டும் கதை வேறு. தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அதிகாரியிடம் பதிய வேண்டும். அதனால் அப்படி யாராவது வந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

விதியை மீறினால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கோபத்தில் கை வால்வுக்குப் போகும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது 2017 சட்டத்தின்படி உரிமையாளர் செய்யவே கூடாத வேலை. சோதிக்கிறேன் என்று மேலே ஏறிப் போவதும் அப்படித்தான். 24 மணி நேரம் முன்பு எழுத்தில் காரணம் சொல்லிவிட்டுத்தான் போகலாம். கீழ் வீட்டிலேயே இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் கஷ்டமான விதி. மாவு கொடுக்கப் போகிறேன் என்று ஏறி, கண் தானாக அறைக்குள் போகும். இப்போது மாவை வாசல் திண்டில் வைத்துவிட்டு மெசேஜ் போடுகிறேன். மீறலுக்கு முதல் முறை வாட்ஸ்அப் நினைவூட்டல், இரண்டாம் முறை கடிதம், ஆறு மாதத்துக்குள் மூன்றாவது என்றால் அக்ரிமென்ட்டை முடித்துக்கொள்ள 30 நாள் நோட்டீஸ். அதற்கும் காலி செய்யாவிட்டால் வாடகை நீதிமன்றம்தான், பூட்டு இல்லை.

அக்ரிமென்ட்டை tenancy.tn.gov.in தளத்தில் வாடகை அதிகாரியிடம் பதிந்தோம். பதினோரு மாதத்துக்குப் போட்டால் பதிய வேண்டாம் என்று புரோக்கர் சொன்னார். அது பத்திரப் பதிவுச் சட்டத்தின் கணக்கு, இந்தச் சட்டத்தில் அந்த விலக்கு கிடையாது. மூன்று பெயரும் அதில் இருக்கின்றன.

ஆறு மாதம் ஆகிவிட்டது. முதல் சோதனை தொழிற்சாலைக்காரரின் அம்மா. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருபத்துநான்கு இரவு தங்கினார். முப்பதுக்குள் வந்துவிட்டது, கேள்வியே எழவில்லை. இரண்டாவது, கம்ப்யூட்டர் வேலைக்காரரின் கல்லூரித் தோழன். பெங்களூரில் வெயில் என்று வந்தவர் போவதும் திரும்ப வருவதுமாக இருந்தார். ஐம்பது நாளில் பதினைந்தாவது இரவு ஆனதை நான் கவனிக்கவில்லை, ஆசிரியர்தான் கணக்கு வைத்திருந்தார். மூவரும் பேசி அவரை நான்காவது ஆளாகச் சேர்த்தார்கள். தலைக்கு 3,750 ஆயிற்று. எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆயிரம் ஏற்றலாமா என்று ஆசை வந்தது. நான்கு பேர்வரை வாடகை மாறாது என்று நானே எழுதியிருந்தேன், வாயை மூடிக்கொண்டேன். அவர்களுக்கு நட்டம், விருந்தாளி இடம் இரண்டிலிருந்து ஒன்றாகச் சுருங்கியது. அதற்கு அவர்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள், வாரக்கடைசிக்கு ஒருவர் என்று. அது எனக்குத் தேவையில்லாத விவரம்.

மூன்றாவது சோதனை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. என் அக்கா பேத்தியின் காதுகுத்துக்குக் கீழ் வீட்டில் ஒன்பது பேர் மூன்று நாள் தங்கினார்கள். சம்ப் பொதுதான். திங்கட்கிழமை மாடியில் தண்ணீர் ஏறவில்லை. அன்று மாலை ஆசிரியரிடமிருந்து மெசேஜ் வந்தது: "அக்கா, லாரித் தண்ணி சொல்லிட்டோம். செலவு கீழ் வீட்டுக் கணக்குல போட்டுக்கலாமா? அப்புறம், கீழேயும் ஒரு மீட்டர் வைக்கலாமே." அடுத்த வாரம் பிளம்பரைக் கூப்பிட்டு வைத்துவிட்டேன். எங்களுக்கு வாரத்துக்கு 1,750 லிட்டர். அம்மா இப்போது ஞாயிறு காலையில் இரண்டு மீட்டரையும் பார்த்துக் காலண்டரில் எழுதி வைக்கிறார்.